சேலையின் அடிக்கரை

புதிய நூற்சேலையில் முதலில் நைந்துபோகும் இடம் எது என்று கேட்டால், முந்தானை என்றே பலரும் கூறுவர். உண்மையில் முதலில் நைவது அடிக்கரையே. நடக்கும்போது கொசுவத்தின் அடி தரையில் உராய்கிறது. குதிகால் அதனை உள்ளிருந்து மிதிக்கிறது. மெட்டியும் கொலுசும் இழைகளைப் பற்றி இழுக்கின்றன. உடல் முழுதும் புதிதாகவே இருக்க, கரை கிழிந்ததனாலேயே சேலை பழையதாகிவிடுகிறது. இத்தேய்வைத் தான் தாங்கிக்கொள்ளும்படி கரையின் உட்புறத்தில் ஒரு துணிப்பட்டையை வைத்துத் தைப்பர். அதனை ‘ஃபால்ஸ்’ என்று வழங்குகிறோம். அது ஏறக்குறைய 5 அங்குல அகலமும் 2¾ மீட்டர் நீளமும் உடையது. கொசுவம் சுருளாமல் நேராக விழுவதும் அதன் கனத்தினாலேயாம்.

என் தமக்கையார் தம் முதல் ஊதியத்தில் சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை ஒன்று வாங்கினார். கடையிலிருந்து வந்த சேலையிலேயே, கடையிலிருந்து வந்த பட்டையை ஒரு தையற்காரர் அப்படியே வைத்துத் தைத்துக் கொடுத்தார். முதன்முறை துவைத்து உலர்த்தியதும் கரை அலை அலையாகச் சுருங்கிவிட்டது. இஸ்திரி போட்டும் பயனில்லை. சேலை கெட்டுவிட்டதென்று எண்ணி, தமக்கையார் அதனைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார்.

சில நாட்கள் கழித்து எங்கள் அத்தை வந்தார். சேலையை விரித்து, கரையின் ஒரு முழத்தை இரு கைகளாலும் இழுத்துப் பார்த்தார். உட்பட்டை விறைப்பாக நின்றது. சேலைத்துணியோ தளர்ந்து மடிந்திருந்தது. “சேலைக்கு ஒன்றும் இல்லையம்மா, பட்டைதான் சுருங்கியிருக்கிறது. மாறாகச் சேலை சுருங்கியிருந்தால், பட்டை பை போலத் தொங்கும்,” என்றார். பருத்தித்துணி முதல் நனைப்பிலேயே பெரும்பாலும் சுருங்கும். சேலையும் பட்டையும் ஒரே அளவாய்ச் சுருங்குவதில்லை. ஆதலின் தைப்பதற்கு முன்பே இரண்டையும் தனித்தனியே நனைத்து உலர்த்திவிட வேண்டும் என்பதே அவர் கூறிய காரணம்.

அத்தை பட்டையைக் கையால் பிய்க்கவில்லை. பிய்த்தால் சேலையின் இழையும் உடன் அறும். சிறு கத்தரியின் நுனியால் நாலைந்து தையலுக்கு ஒன்றாக நூலை நறுக்கி, மெல்ல உருவினார். பட்டையை இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்தார். ஈரத்தோடு அதனை ஒரு வெள்ளைத்துணியில் தேய்த்து, சாயம் ஒட்டவில்லை என்று கண்ட பிறகே நிழலில் உலர்த்தி இஸ்திரி போட்டார். பழைய தையலின் சுவட்டோடு ஒட்டி வைத்துப் பார்த்தபோது, அது 2 அங்குலம் குறைந்திருந்தது. அந்த 2 அங்குலமே கரையைச் சுருக்கிய குற்றவாளி.

பிறகு தைக்கத் தொடங்கினார். முந்தானைக்கு எதிரான தலைப்பில், அதாவது இடுப்பில் முதலில் செருகும் தலைப்பில், ஒரு சாண் விட்டுப் பட்டையை வைத்தார். சேலையின் நீளம் 5½ மீட்டர். அதில் முதற்சுற்றும் கொசுவமும் அமையும் பாதியே காலடியில் புழங்குவது. ஆதலின் பட்டையும் அந்த அளவினதே. அதன் இரு முனைகளையும் அரை அங்குலம் உள்ளே மடித்து, விளிம்பைச் சேலையின் விளிம்போடு பொருத்தினார். பட்டை ஒரு நூலளவு உள்ளடங்கலாம், வெளியே நீளலாகாது. பட்டையை இழுத்துப் பிடிக்காமல் தரையில் பரப்பி, சாணுக்கு ஒரு குண்டூசி குத்தினார்.

கீழ்விளிம்பை நெருங்கிய ஓட்டுத்தையலால் தைத்தார். இதற்கு இயந்திரமும் ஆகும். மேல்விளிம்புக்கு மட்டும் கைத்தையலே வேண்டும் என்றார். இயந்திரத்தையல் சேலையின் முகப்பில் கோடாகத் தெரியும். ஆகவே ஒற்றை நூலைக் கோத்து, சேலையில் ஓரிரு இழைகளை மட்டும் ஊசிமுனையால் எடுத்து, பட்டையின் ஓரத்தில் செருகி, அரை அங்குல இடைவெளியில் எம்மிங் செய்தார். நூலை இறுக்கவில்லை. நூல் இறுகினால், நனைத்த பட்டையும் சுருக்கம் காட்டும்.

தைத்து முடித்துச் சேலையைக் கொடியில் தொங்கவிட்டார். கரை நேராக நின்றது. தமக்கையார் அதனைப் பல ஆண்டுகள் உடுத்தினார். இடையில் இருமுறை பட்டை நைந்தது. இருமுறையும் அதனை உருவிவிட்டு, நனைத்த புதுப்பட்டையைத் தைத்துக்கொண்டார்.

பட்டை உள்ளிருந்து வரும் உராய்வைத் தாங்கும். ஆயினும் சேலையைத் தரையில் இழுபடுமாறு உடுத்தினால் கரையின் நுனியை எதுவும் காக்காது. தரையைத் தொடும் தொடாததுமாக உடுத்துவதே முறை. அவ்வாறு உடுத்தினால் தேய்வதெல்லாம் பட்டையே, அதனை மாற்றிக்கொள்ளலாம். சேலையின் கரையை மாற்ற இயலாது.