யாரை இளைக்க வைப்பது?

'ஒன்றை வகையிடு, மற்றதைத் தொகையிடு' என்கிறது சூத்திரம். எதை, எது என்று மட்டும் சொல்லாமல் நழுவிவிடுகிறது. இன்ஜினீயரிங் முதல் வருஷப் பையன்கள் சறுக்குவது அந்த இடத்தில்தான்.

அதன் பெயர் பகுதித் தொகையிடல். காலேஜில் இன்டக்ரேஷன் பை பார்ட்ஸ். உருவம் இது:

∫ u dv = uv − ∫ v du

என்னைக் கேட்டால் இது ஒரு எக்ஸ்சேஞ்ச் மேளா. பழைய இன்டக்ரலைக் கொடுத்துவிட்டுப் புதுசு ஒன்றை வாங்கிக்கொண்டு வருகிறோம். புதுசு பழசைவிட சுலபமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைக்காரனுக்குத்தான் லாபம்.

∫ x eˣ dx என்று ஒரு சாதுவான கணக்கு. x-ஐ வகையிட்டால் 1. ஆளே இளைத்துப் போயாச்சு. eˣ-ஐத் தொகையிட்டால் அதே eˣ. அது எத்தனை முறை எது செய்தாலும் வெயிட் ஏறாத அபூர்வப் பிறவி. மிச்சம் ∫ eˣ dx மட்டும். விடை x eˣ − eˣ + C, ரெண்டு வரியில் முடிந்தது.

திருப்பிப் போட்டால்? eˣ-ஐ வகையிட்டு x-ஐத் தொகையிட வேண்டும். x போய் x²/2 வருகிறது. கையில் இருப்பது ∫ (x²/2) eˣ dx. இதில் தப்பு ஒன்றும் இல்லை, உபயோகமும் இல்லை. அடுக்கு ஏறுகிறது என்றால் ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறோம் என்று அர்த்தம்.

என் அக்கா பையன் மறுநாள் டெஸ்ட்டை வைத்துக்கொண்டு, ராத்திரி ஒன்பது மணிக்குக் கொண்டு வந்த கணக்கு இவ்வளவு சாது இல்லை.

∫ x³ e^(x²) dx

"மாமா, ஐலேட் போட்டேன், நின்னுடுச்சு. திருப்பிப் போட்டேன், வளர்ந்துக்கிட்டே போவுது."

ஐலேட் என்பது மனப்பாட வரிசை. இன்வர்ஸ் ட்ரிக், லாக், அல்ஜீப்ரா, ட்ரிக், எக்ஸ்பொனென்ஷியல். முதலில் வருவதை வகையிடு. முதல் ரெண்டு இடம் மாறிய 'லியேட்' வரிசையை 1983-ல் ஹெர்பர்ட் கசூபே என்பவர் ஒரு அமெரிக்கக் கணிதப் பத்திரிகையில் எழுதினார். நல்ல வரிசைதான். லாக்-ஐத் தொகையிடுவது தொல்லை, வகையிட்டால் பதவிசாக 1/x. பரீட்சைக் கணக்குகளில் பெரும்பாலானவை அதற்கு மடங்கும்.

இந்தக் கணக்கு மடங்கவில்லை. வரிசைப்படி x³-ஐ வகையிட்டால், e^(x²) தனியாகத் தொகையிட மிஞ்சுகிறது.

"அதுக்கு என்னடா போட்டே?"

"e^(x²)/(2x), மாமா."

"அதை வகையிட்டுப் பாரு."

போட்டான். e^(x²) வந்தது. கூடவே, கூப்பிடாத விருந்தாளியாக −e^(x²)/(2x²)-ம் வந்தது. e^(x²)-க்கு நமக்குத் தெரிந்த சாதாரணச் சார்புகளால் எழுதக்கூடிய தொகையே கிடையாது. 1830-களில் லியூவில் என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கிய வழியில் இதை நிரூபிக்கலாம். பையன் நின்றதில் குற்றமில்லை; அங்கே ரோடே இல்லை. திருப்பிப் போட்டதில் x³ போய் x⁵ ஆகியிருந்தது.

"எதை வகையிடலாம்னு கேட்கிறதை விடு. எதைத் தொகையிட முடியும்னு கேளு."

யோசித்தான். "பக்கத்துல ஒரு x இருந்தா e^(x²)-ஐ முடிச்சுடலாம் மாமா. x²-ஐ வகையிட்டா 2x வருமே."

"அந்த x எங்கே கிடைக்கும்?"

x³-ஐப் பார்த்தான். மூன்று x-ல் ஒன்றைப் பிடுங்கி e^(x²)-க்குத் துணைக்கு அனுப்பினான். அப்புறம் அவனே எழுதினான். u என்பது x², dv என்பது x e^(x²) dx. ஆகவே v = e^(x²)/2, du = 2x dx. புதுசாக வந்த இன்டக்ரல் ∫ x e^(x²) dx, இப்போதுதான் போட்டு முடித்தது!

விடை: ½ x² e^(x²) − ½ e^(x²) + C

வகையிட்டுச் சரி பார்க்கச் சொன்னேன். மூன்று உறுப்பு வந்து, x e^(x²) ரெண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, x³ e^(x²) மட்டும் நின்றது. இந்தச் சோதனைக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. ஆனாலும் ஹாலில் எவனும் செய்வதில்லை.

போகிறபோது ஒரு சந்தேகம் கேட்டான், நல்ல சந்தேகம். "x³-க்குப் பதிலா x² கொடுத்தா?"

ஒரு x-ஐப் பிடுங்கினால் மிச்சம் ஒரு x. அதை வகையிட்டால் 1. கடைசியில் −½ ∫ e^(x²) dx, அதே ரோடில்லாத இடம். அடுக்கு ஒற்றைப்படையாக இருந்தால் முடியும். இரட்டைப்படை என்றால் எப்படிப் பிரித்தாலும் முடியாது.

"அப்ப டெஸ்ட்ல வராது?"

"வந்தா ப்ரின்டிங் மிஸ்டேக். கையைத் தூக்கு."