சிப்பிப்பாறையோடு ஓடப் போகிறவர்களுக்கு



நம் மாணவர் ஒருவர் காவலர் தேர்வுக்காகத் தென்காசியிலிருந்து குற்றாலம் வரை ஓடிப் பழகுகிறார். ஏறக்குறைய 5 கிலோமீட்டர். வீட்டில் ஒன்றரை வயதுச் சிப்பிப்பாறை நாய் நிற்கிறது. "அதையும் கூட்டிக்கிட்டு ஓடலாமா சார்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

சிப்பிப்பாறை முயல் விரட்டிய இனம். கொஞ்ச தூரம் அம்பாகப் பாயும். நீண்ட ஓட்டத்துக்கு அதைப் பழக்க வேண்டும். முதல் வாரம் 1 கிலோமீட்டர், அதுவும் ஓட்டமும் நடையுமாக. பிறகு வாரம் அரை கிலோமீட்டர் கூட்டலாம். எலும்பு முற்றாத குட்டியை இப்படி ஓட்டக் கூடாது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கு மூச்சே திணறும். அதற்கு நடை போதும்.

முக்கியமானது வெயில். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் அந்த வழியும் சரியாக வேலை செய்யாது. ஆகவே சாரல் நின்று புழுங்கும் நாளிலும் கவனம் தேவை. சித்திரை, வைகாசியில் விடியுமுன் ஓடி முடித்துவிடுங்கள். மாலையில் வெயில் தாழ்ந்தாலும் தார் ரோடு சூடு விடாது. புறங்கையை ரோட்டில் 7 விநாடி வைத்துப் பாருங்கள்; பொறுக்க முடியாவிட்டால் அதன் பாதமும் பொறுக்காது.

நாய் "போதும்" என்று சொல்லாது. நீங்கள் ஓடும்வரை பின்னாலேயே வரும். நாக்கு அகன்று நீண்டு, எச்சில் கெட்டியாக வழிந்து, ஈறு கடுஞ்சிவப்பானால் உடனே நிறுத்துங்கள். நிழலில் வைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத்துணியால் போர்த்தாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். தள்ளாடினால் தண்ணீர் ஊற்றியபடியே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

அடுத்தது கயிறு. சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுங்கியது. சாதாரணக் கழுத்துப் பட்டை எளிதாக உருவிக்கொள்ளும். மார்போடு பூட்டும் பட்டையே நல்லது. கயிறு ஆறடி போதும். இழுக்க இழுக்க நீளும் வகை வேண்டாம். குற்றாலத்தில் குரங்கைக் கண்டால் ஒரே பாய்ச்சல்தான். கயிற்றை மணிக்கட்டில் சுற்றியிருந்தால் கை எலும்பு போய்விடும். நுனி வளையத்தை உள்ளங்கையில் பிடியுங்கள். வண்டிகளுக்கு எதிர்முகமாக, ரோட்டின் வலது ஓரத்தில் ஓடுங்கள். நாய் உங்களுக்கு வலப்புறம், மண் பக்கமாக வரட்டும்.

தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அந்த வேகப் பயிற்சிக்கு அவரைத் தனியாகப் போகச் சொன்னேன். அன்று கண் கடிகாரத்தின் மேல் இருக்கும், நாயின் மேல் இருக்காது. நிதானமாக ஓடும் நாட்களில் அது கூட வரட்டும்.