திரும்பி வரும்போது

அட்டாச்மெண்ட் ஸ்டைல் என்ற சொல் இப்போது பெண் பார்க்கிற பேச்சில்கூட அடிபடுகிறது. சென்னையில் வேலை பார்க்கும் என் தங்கை ஒருநாள் போனில் தீர்ப்பே சொல்லிவிட்டாள்: "அக்கா, நீ அவாய்டண்ட். மாமா ஆங்ஷியஸ். இருபது கேள்விதான், பதில் போட்டுப் பாரு, தெரிஞ்சிடும்." ராசி பலன் சொல்வதுபோல் அவள் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். ஆனால் சொல் மனசில் ஒட்டிக்கொண்டது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோது, அந்த இருபது கேள்விகளைவிட இருபது நிமிடப் பரிசோதனை ஒன்று எனக்கு அதிகம் சொன்னது.

ஜான் பௌல்பி லண்டனில் மனநல மருத்துவர். கைக்குழந்தை அம்மாவைத் தேடுவது பாலுக்காக மட்டும் இல்லை, பயம் வந்தால் ஓடி ஒதுங்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகவும்தான் என்பது அவர் வாதம். அந்தத் தேடலுக்கு அவர் வைத்த பெயர்தான் அட்டாச்மெண்ட். பிணைப்பு என்று வைத்துக்கொள்வோம். அவரோடு வேலை பார்த்த மேரி ஐன்ஸ்வர்த், 1954-55இல் உகாண்டா கிராமங்களில் தாய்களையும் பிள்ளைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தவர். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் 26 குடும்பங்களைப் பிள்ளை பிறந்ததிலிருந்து ஒரு வருஷம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம்போல உட்கார்ந்து கவனித்தார். அந்த வருஷம் முடியும்போது குழந்தையைப் பரிசோதனைக் கூடத்துக்கு வரவழைத்தார்.

கூடம் என்றால் பொம்மைகள் கிடக்கிற ஒரு சாதாரண அறை. அம்மாவும் குழந்தையும் உள்ளே வருவார்கள். தெரியாத பெண் ஒருத்தி வந்து உட்காருவாள். அம்மா எழுந்து போவாள். மூன்று நிமிடத்தில் வருவாள். மறுபடி போவாள், இந்த முறை குழந்தை தனியாக. அந்தப் பெண் வருவாள். கடைசியில் அம்மா வருவாள். குழந்தை ரொம்ப அழுதால் சீக்கிரமே முடித்துவிடுவார்கள்.

அம்மா போகும்போது யார் எவ்வளவு அழுகிறார்கள் என்பதை வைத்துத்தான் பிணைப்பை அளப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அழுகையையும் குறித்துக்கொண்டார்கள். ஆனால் பிள்ளைகளை வகை பிரித்துக் காட்டியது அம்மா கதவைத் திறந்து திரும்பி வருகிற நேரம். பெரும்பாலான பிள்ளைகள் அழுதிருந்தாலும் அழாவிட்டாலும் அவளிடம் போயின, ஒட்டிக்கொண்டன, சற்று நேரத்தில் தேறி மறுபடி பொம்மைக்குத் திரும்பின. இது பாதுகாப்பான பிணைப்பு. பால்டிமோரில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி. சில பிள்ளைகள் தூக்கச் சொல்லிக் கை நீட்டின, தூக்கியதும் உதைத்தன, எவ்வளவு நேரமானாலும் ஆறவில்லை. இது தவிக்கும் பிணைப்பு. ஐந்தில் ஒன்று போல இருந்த இன்னொரு வகை, அம்மா வந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல் பொம்மையை உருட்டிக்கொண்டிருந்தது. விலகும் பிணைப்பு. இந்த மூன்றிலும் சேராத, அம்மாவைக் கண்டு பாதி வழியில் உறைந்து நிற்கிற பிள்ளைகளை மேரி மெய்ன் பின்னால் நான்காவது வகையாகச் சேர்த்தார்.

மூன்றாவது வகையைப் படித்தபோது எனக்கு நெல்லிக்குப்பம் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது.

அம்மா நெய்வேலியில் நர்ஸ், அப்பா சுரங்கத்தில். இருவருக்கும் ஷிப்ட். அதனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறவரை நான் நெல்லிக்குப்பத்தில் ஆயா வீட்டில் வளர்ந்தேன். அம்மாவுக்கு லீவு கிடைக்கிற நாளில் ஆர்ச் கேட்டில் பஸ் பிடித்து, பண்ருட்டியில் மாறி வருவாள். பஸ் சர்க்கரை ஆலையைத் தாண்டி நிற்கும். தெருமுனையில் அவள் வருவது எனக்குத் தெரியும். நான் புளியங்கொட்டையை அடுக்கிக்கொண்டே இருப்பேனாம். "அம்மா வந்திருக்கா பாருடி" என்று யாராவது சொன்னால், "ம்" என்பேனாம். சாயங்காலம் அவள் கிளம்பும்போதும் அதே "ம்". தெருவே என்னை மெச்சியது. "சமத்துக் கொழந்த. அழவே அழாது." இன்றைக்கும் கல்யாண வீடுகளில் யாராவது ஒரு கிழவி என் கன்னத்தைத் தொட்டு இதைச் சொல்வதுண்டு.

அந்தச் சமத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை 1977இல் ஆலன் ஸ்ரூஃபும் எவரெட் வாட்டர்ஸும் வேறு விதமாகப் பார்த்தார்கள். அதே பரிசோதனையின்போது குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தார்கள். ஒரு குழந்தை பொம்மையில் நிஜமாகவே லயித்திருந்தால் துடிப்பு கொஞ்சம் தணியும். அம்மாவைக் கவனிக்காமல் விளையாடிய பிள்ளைகளுக்குத் தணியவில்லை. அவள் திரும்பி வந்த பிறகும் ஏறியபடியே இருந்தது. கை பொம்மையில் இருந்தது, உடம்பு அம்மாவிடம் இருந்தது. பால்டிமோர் வீடுகளில் ஐன்ஸ்வர்த் எழுதி வைத்த குறிப்புகளும் இதோடு பொருந்தின. கூடத்தில் அமைதியாக இருந்த அந்தப் பிள்ளைகள் வீட்டில் அமைதியானவை அல்ல. அவர்களின் அம்மாக்கள் பெரும்பாலும் ஒட்ட வரும்போது விலக்கிவிடுகிறவர்கள். கிட்டே போனால் தள்ளப்படுவோம் என்று தெரிந்த பிள்ளை, கிட்டே போகாமலே கிட்டே இருக்க ஒரு வழி கண்டுபிடிக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அதே அறையில் இருப்பதுதான் அந்த வழி.

அப்படியானால் என் அம்மா என்னைத் தள்ளினாளா? இங்கேதான் பால்டிமோர் அளவுகோலை நெல்லிக்குப்பத்துக்கு அப்படியே கொண்டுவர முடியாது. அம்மா வந்ததும் என்னைத் தூக்கமாட்டாள் என்பது உண்மை. நேரே கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவுவாள். "பஸ்ல வந்த கையோட புள்ளையத் தூக்காத, கண்ணு படும்" என்பது ஆயா போட்ட சட்டம். தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் மார்கரெட் ட்ராவிக், 1990இல் வெளியான தன் புத்தகத்தில் இதைத்தான் விரிவாக எழுதினார்: இங்கே அன்புக்கு அடக்கம் ஒரு குணம், தாயின் அன்புதான் மிகப் பெரியது, அதனாலேயே அது மறைக்கப்பட வேண்டியது, பெற்றவள் கண்ணே பிள்ளைக்குத் திருஷ்டியாகலாம். பிள்ளையைக் கொஞ்சுகிற வேலை பாட்டிக்கும் சித்திக்கும் பக்கத்து வீட்டுக்கும் போகும்.

ஆயா விஷயத்தில் நான் வேறு பிள்ளை. அவள் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தால் வாசலுக்கு ஓடுவேன், முந்தானைக்குள் தலையை விடுவேன், இரண்டு நிமிஷத்தில் விளையாடப் போய்விடுவேன். அதாவது ஆயாவிடம் மூன்றில் இரண்டு பங்கு, அம்மாவிடம் ஐந்தில் ஒன்று. இது என் வீட்டு விசித்திரம் இல்லை. ஒரே குழந்தை அம்மாவிடம் ஒரு மாதிரியும் அப்பாவிடம் இன்னொரு மாதிரியும் இருக்கலாம் என்பதை மேரி மெய்னும் டோனா வெஸ்டனும் 1981இலேயே காட்டிவிட்டார்கள். வகை என்பது ரத்த குரூப் மாதிரி ஓர் ஆளுக்குள் இருப்பதில்லை. இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிறது.

தங்கையின் இருபது கேள்விகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1987இல் சிண்டி ஹசன், பிலிப் ஷேவர் என்ற இருவர் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒரு நாளிதழில் மூன்று சின்னப் பத்திகளை வெளியிட்டு, காதலில் நீங்கள் இதில் யார் என்று வாசகர்களைக் கேட்டார்கள். அதன் பேரன் பேத்திகள்தான் இன்றைய கேள்விப் பட்டியல்கள். அவை சொல்வது, இப்போது இந்த உறவில் நீங்கள் உங்களை எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதை. சின்ன வயசில் உங்களுக்கு என்ன நடந்தது என்பதை அவை அளப்பதில்லை. குழந்தைப் பருவத்தைப் பற்றி ஒருவர் பேசும் விதத்தை வைத்து மெய்ன் குழுவினர் உருவாக்கிய நீண்ட நேர்காணலும் இந்தப் பட்டியல்களும் ஒரே ஆளுக்கு ஒரே பதிலைத் தரும் என்று சொல்ல முடியாது. ஆகவே பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, கதவு திறக்கிற நேரத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

என் கணவர் ராஜஸ்தான் பர்சிங்சர் சுரங்கத்துக்கு மாற்றலாகி இரண்டு வருஷம் இருந்தார். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வருவார். அவர் வருகிற நாளை நான் எண்ணிக்கொண்டிருப்பேன். முந்தின நாளே வஞ்சிரம் சொல்லி வைத்திருப்பேன். ஆட்டோ சத்தம் கேட்டதும் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கால் சமையலறைக்குப் போகும். "வாங்க. குளிச்சிட்டு வாங்க, தண்ணி சூடா இருக்கு." முகத்தைப் பார்ப்பதற்குள் அடுப்பைப் பார்ப்பேன். அவர் பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு என் பின்னாலேயே வருவார். "ட்ரெயின்ல ஒரே கூட்டம்" என்பார். "ம்." "நீ இளைச்சிட்டியா?" "இல்லையே." கொஞ்ச நேரத்தில் குரல் மாறும். "நான் வந்தது உனக்குத் தொந்தரவா இருக்கா?" அவர் கேட்கக் கேட்க எனக்குப் பாத்திரம் தேய்க்கிற வேலை கூடிக்கொண்டே போகும். வேலை கூடக் கூட அவர் கேள்வியும் கூடும்.

அவருக்கும் ஒரு திண்ணை இருந்தது. நல்ல நாளில் மடியில் போட்டுக் கொஞ்சுகிற, கெட்ட நாளில் கூப்பிட்டாலும் திரும்பாத அம்மா. இன்றைக்கு எந்த அம்மா என்று தெரியாத பிள்ளைக்கு ஒரே வழி, பதில் வருகிறவரை கேட்டுக்கொண்டே இருப்பது. நான் சத்தத்தைக் குறைத்து உறவைக் காப்பாற்றக் கற்றவள், அவர் சத்தத்தைக் கூட்டிக் காப்பாற்றக் கற்றவர். என் மௌனம் அவருக்குத் திரும்பாத அம்மாவின் முதுகு. அவர் கேள்வி எனக்குத் திண்ணையில் கேட்ட "அம்மா வந்திருக்கா பாருடி." இரண்டு பேருமே அந்த நேரத்தில் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இது தெரிந்துவிட்டதால் என் கால் வேறு பக்கம் போய்விடவில்லை. ஆட்டோ சத்தம் கேட்டால் இன்னமும் அடுப்புப் பக்கம்தான் போகிறது. ஒன்று மட்டும் மாறியது. ஒரு தடவை அவர் கேட்டபோது, "உள்ள பட படன்னு இருக்கு, அதான் அடுப்புகிட்ட நிக்கிறேன். அஞ்சு நிமிஷம் குடுங்க, வந்து பக்கத்துல உக்காருறேன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு கூடத்துக்குப் போய் உட்கார்ந்தார். அஞ்சு நிமிஷம் என்று கணக்கு தெரிந்ததும் அவருக்குக் கேட்க வேண்டியதில்லை. கேள்வி நின்றதும் எனக்கு ஓட வேண்டியதில்லை. அந்த அஞ்சு நிமிஷத்தில் வந்துவிட வேண்டும், அதுதான் முக்கியம். ஒருமுறை தவறினால் அவருக்கு அது பழைய முதுகு.

இப்போது அவர் நெய்வேலிக்கே திரும்பிவிட்டார். திரும்பி வருவது தினமும் நடக்கிறது, ஷிப்ட் முடிந்து, ஹெல்மெட்டை ஆணியில் மாட்டுகிற சத்தத்தோடு. "அஞ்சு நிமிஷம்" என்கிறேன். "சரி" என்று செய்தித்தாளை எடுக்கிறார். போன மாசம் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பை விட்டவள் என் பக்கம் பார்க்காமல் நேரே கொல்லைக் குழாயடிக்குக் கால் கழுவப் போனாள். நான் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய் நின்றேன். கழுவி முடித்துத் திரும்பினாள். "என்னடி?" என்றாள். "ஒண்ணுமில்ல, சும்மா" என்றேன். துண்டை வாங்கிக்கொண்டவள் என் கையையும் கொஞ்ச நேரம் விடவில்லை.