பாட்டியின் சுருதி

எங்கள் பாட்டி பாடிய நலங்குப் பாட்டுகள் அடங்கிய அறுபது நிமிஷக் கேசட் ஒன்று வெகு காலமாக எங்கள் வீட்டுப் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு இடையே, கற்பூர உருண்டை வாசனையோடு கிடந்தது. 1983-ஆம் வருஷம், அத்தை பெண்ணின் கல்யாணத்தன்று மாலை, திருவையாற்றுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிராமத்து வீட்டுக் கூடத்தில், மின்சாரம் நின்றுபோயிருந்தபடியால், ஏற்கெனவே பாதி தீர்ந்துபோன பாட்டரிகளை நம்பிச் சித்தப்பா தமது டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தது அது. அந்தப் பாட்டரிகளின் விஷமத்தை நான் கண்டுபிடிக்க நாற்பது வருஷம் ஆயிற்று.

கேசட்டில் உள்ளதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்று தோன்றியதும் நான் செய்த முதல் காரியம் சோம்பேறிகள் யாவரும் செய்யக்கூடியதே. கையடக்கமான மலிவுச் சாதனம் ஒன்றை வாங்கிக் கேசட்டை அதனுள் வைத்து, ஒரு கம்பியை மடிக்கணினியில் செருகி, பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி சாப்பிடப் போனேன். திரும்பி வந்து கேட்டால், பாட்டி கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருந்தது. மென்பொருளைக் கொண்டு உயர் ஸ்வரங்களைத் தூக்கிப் பார்த்தேன். போர்வை அப்படியே இருக்க, இரைச்சல் மட்டும் மழைபோல் கொட்டிற்று. நாடாவிலிருந்து காந்தத் தலை எடுத்துக் கொடுக்காத ஒலியைப் பின்னால் எந்த வித்தையாலும் வரவழைக்க முடியாது என்ற சாதாரண உண்மை அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று.

ஆகவே ரிச்சி தெருவில் அலைந்து, பழைய ஸ்டீரியோ டெக் ஒன்றைத் தேடிப்பிடித்து வந்தேன். சுத்தமான ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பஞ்சைத் தோய்த்து, காந்தத் தலையையும், நாடாவை இழுத்துச் செல்லும் மெல்லிய உருக்கு அச்சையும், அதன்மேல் அழுந்திச் சுழலும் ரப்பர் உருளையையும் துடைத்தபோது, பஞ்சு காவி நிறமாக வந்தது. முந்தைய சொந்தக்காரர் எத்தனை கேசட்டுகளைக் கேட்டாரோ, அவற்றின் துகள் எல்லாம் அதில் இருந்தது. கேசட்டுக்கும் ஒரு சிகிச்சை வேண்டியிருந்தது. நாடாவைத் தலையோடு அணைத்துப் பிடிக்கும் சிறிய கம்பளித் துண்டு, கோந்து காய்ந்துபோனதால் தன் செப்புத் தகட்டிலிருந்து கழன்று உள்ளே உருண்டுகொண்டிருந்தது. இந்தத் துண்டு இல்லாத கேசட்டில் ஒலி மங்கி மங்கி வருமே தவிர நின்றுவிடாது. ஆகையால், நாடாதான் கெட்டுவிட்டது என்று பலர் தவறாக எண்ணிக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். நான் திருகாணியால் பூட்டிய வேறொரு வெற்றுக் கேசட்டைத் திறந்து, பாட்டியின் நாடாச் சுருள்கள் இரண்டையும் அதற்குள் குடியேற்றி, ஒருமுறை முழுவதும் முன்னோக்கியும் ஒருமுறை பின்னோக்கியும் ஓடவிட்டேன். வருஷக்கணக்கில் இறுகிக் கிடந்த சுற்றுகள் அதனால் சமமாகத் தளர்ந்து படிகின்றன.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கலையின் சூட்சுமம். காந்தத் தலையில் உள்ள நுண்ணிய பிளவு, நாடா ஓடும் திசைக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். சித்தப்பாவின் யந்திரத்தில் அது ஒரு மயிரிழை சாய்ந்திருந்தால், அவர் பதிவு செய்த நாடாவைப் பொறுத்தவரை அந்தச் சாய்வே செங்குத்து. என்னுடைய டெக்கின் தலையும் அதே அளவுக்குச் சாய்ந்தால்தான் உயர்ந்த ஒலிகள் வெளிவரும். தலையின் ஓரத்தில் இதற்கென்றே ஒரு சிறு திருகாணி உண்டு. இரண்டு பக்கத்து ஒலியையும் ஒன்றாகச் சேர்த்துக் காதில் மாட்டிக்கொண்டு, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தத் திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பினேன். ஓரிடத்தில் போர்வை விலகிற்று. பெண்களின் வளையல் சத்தமும், பாட்டியின் சகரங்களும், தூரத்தில் யாரோ பாத்திரம் கழுவும் ஓசையும் தனித்தனியே பிரிந்து கேட்டன. பணம் கொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவும் செய்யாத காரியத்தைச் சிறிய திருப்புளி ஒன்று செய்துவிட்டது.

அதன்பின் பதிவு செய்வது சுலபம். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து, ஒலியை எண்ணாக்கும் சிறு பெட்டி ஒன்றின் வழியாக 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக எடுத்தேன். மணிக்கு ஏறக்குறைய ஒரு ஜிகாபைட் இடம் பிடிக்கும். மடிக்கணினியின் மைக் துவாரத்தில் நேரே செருகினால், அங்கே உள்ள அதிகப்படியான பெருக்கத்தில் ஒலி உடைந்துபோகும். மிக உரத்த இடமும் உச்ச வரம்புக்குப் பத்து டெசிபல் கீழே நிற்கும்படி அளவை வைத்தேன். உச்சத்தை முட்டிச் சிதைந்த ஒலியைச் செப்பனிட இயலாது. தாழ்ந்திருப்பதையோ எப்போது வேண்டுமானாலும் உயர்த்திக்கொள்ளலாம்.

எல்லாம் ஆனபிறகும் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. பாட்டியின் குரல் கொஞ்சம் கீச்சென்று, அவசரமாக ஒலித்தது. பாட்டரி பலவீனமாக இருந்தால் பதிவு செய்யும்போது நாடா மெதுவாக நகரும். அதையே பின்னர் சரியான வேகத்தில், அதாவது வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வீதம் ஓட்டினால், குரல் உயர்ந்து பாட்டு விரையும். ஆனால் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதற்கு என்ன சாட்சி? அந்தச் சாட்சி எங்கள் பரணிலேயே இருந்தது. அன்று மாலை பாட்டிக்குப் பின்னால் ஒலித்த சுருதிப்பெட்டி, தூசி படிந்திருந்தாலும் ஊமையாகாமல், ஐந்து கட்டையிலேயே நின்றது. இரண்டையும் ஆடாசிட்டியில் Plot Spectrum என்ற வசதியால் ஒப்பிட்டேன்: பெட்டியின் ஆதார ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ், நாடாவின் முதல் பாட்டில் அதே ஷட்ஜம் 208. ஆக, வேகத்தை 196-க்கு 208 என்ற விகிதத்தில், ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு குறைக்க வேண்டும். சுருதியை மட்டும் தாழ்த்தும் வசதியை நாடாமல், வேகமும் சுருதியும் சேர்ந்தே மாறும் Change Speed and Pitch என்பதைப் பயன்படுத்தினேன். தவறு நடந்தது இரண்டிலும் அல்லவா!

முதல் பாட்டோடு விஷயம் முடியவில்லை. பாட்டரி தளரத் தளரச் சுருதி மேலும் ஏறி, ஐந்தாம் பாட்டில் ஏறத்தாழ ஆறு கட்டையையே எட்டிவிட்டது. நடுவில் யாரோ யந்திரத்தை நிறுத்திவைத்திருந்த இடத்துக்கு அப்பால், ஓய்வெடுத்த பாட்டரி சற்றே தெம்பு பெற்றதால், ஆறாம் பாட்டு திடீரென்று கீழே இறங்கியிருந்தது. ஆகவே ஒவ்வொரு பாட்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் சுருதியைத் தனித்தனியே அளந்து திருத்தினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இரைச்சலைக் குறைக்கும் வேலையை மட்டும் ஆறு டெசிபலோடு நிறுத்திக்கொண்டேன். பேராசையால் பதினெட்டு வரை போய்ப் பார்த்ததில், பாட்டி தண்ணீருக்குள் அமிழ்ந்து பாடுகிறவள்போல் ஆகிவிட்டாள். திருத்தாத மூலக் கோப்பையும் வேறாக எடுத்துவைத்தேன்.

எண்பது வயதான அத்தையைக் கேட்கச் செய்தேன். முதல் அடியிலேயே, “அம்மாதான்டா! இப்படி நிறுத்தி நிதானமாகத்தான் பாடுவாள்” என்றாள். பாட்டி காலமாகும்போது ஐந்து வயதுக் குழந்தையாக இருந்த என் தங்கையோ, கேசட்டின் கீச்சுக் குரலையே கேட்டு வளர்ந்தவள், முகத்தைச் சுளித்துக்கொண்டு, “இது யாரண்ணா, வேறு யாரோ பாடுகிற மாதிரி இருக்கிறதே?” என்று கேட்டாள். அவளுக்குப் பழைய வேகத்துக் கோப்பையே அனுப்பிவைத்தேன்.