தலைதீபாவளிக்கு ஐம்பது விநாடி

சிங்கப்பூரில் இருக்கும் நண்பர் ஒருவர்தான் அவரைப் பற்றிச் சொன்னார். கம்பி கட்டும் வேலையில் இருக்கிற ஒருவர் கூட வேலை செய்கிறவர்களுக்கு ஊருக்கு அனுப்ப வாழ்த்து வீடியோ எழுதிக் கொடுக்கிறார், படமும் பிடித்துத் தருகிறார், தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வந்தால் பார்க்கலாம் என்றார். வீடியோவுக்கு எதற்கு எழுத்து, போனை நீட்டி நாலு வார்த்தை பேச வேண்டியதுதானே என்று எனக்குத் தோன்றியது.

தேக்கா சந்தையைக் கடந்து ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் போனால் ஞாயிறு மாலையில் புல்தரையெல்லாம் நம்மவர்கள்தான். பிளாஸ்டிக் பையை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே சிராங்கூன் சாலை நெடுக விளக்கு அலங்காரம் தொங்கும். அவரை எல்லோரும் பட்டுக்கோட்டையார் என்றார்கள். அங்கே ஊர்தான் பெயர். நாற்பதைத் தாண்டியவர், பன்னிரண்டு வருடமாக அங்கே இருக்கிறார். சட்டைப் பையில் மடித்த காகிதமும் பேனாவும், பக்கத்தில் ஒரு துணிப்பையும் வைத்திருந்தார்.

பைக்குள் இருந்த சாமானை முதலில் சொல்லிவிடுகிறேன். அது கட்டுக்கம்பியில் முறுக்கிய ஒரு தாங்கி. தூணுக்கும் தளத்துக்கும் கம்பி கட்டும்போது இரண்டு கம்பி சந்திக்கும் இடத்தைச் சுற்றி முறுக்குவார்களே, அந்த மெல்லிய கம்பி. அதை நாலு இழையாகச் சேர்த்து முறுக்கி, கீழே மூன்று கால் விரித்து, மேலே போனை உட்கார வைக்க இரண்டு கொக்கி வளைத்திருந்தார். போன் வழுக்காமல் இருக்கக் கொக்கியில் பழைய ரப்பர் கையுறையை வெட்டிச் சுற்றியிருந்தார். காலை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். வேலிக் கம்பியில் மாட்டலாம், மரக்கிளையில் சுற்றலாம். கடையில் ஸ்டாண்டு மலிவாகக் கிடைக்குமே என்றேன். "கையில புடிச்சா கை ஆடும் சார். கடை ஸ்டாண்டுல கண்ணு உயரத்துக்கு வராது. போன் கண்ணுக்கு நேரா இருக்கணும். கீழ இருந்து எடுத்தா மூக்கு ஓட்டைதான் தெரியும், மேல இருந்து எடுத்தா ஆளு கெஞ்சுற மாதிரி இருக்கும். வீட்டுல பாக்கிறவங்களுக்கு அது மனசுல உக்காந்துக்கும்" என்றார்.

அன்றைக்கு வந்திருந்தவர்களில் ஒரு தம்பி, அரியலூர்ப் பக்கம். ஆவணியில் கல்யாணம், புரட்டாசியில் விமானம். ஆகவே இது தலைதீபாவளி. மாப்பிள்ளை மாமியார் வீட்டில் விடியற்காலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய நாள். அவன் ஒரு நோட்டுத்தாளில் எழுதியே கொண்டு வந்திருந்தான். "எனது அன்பும் பாசமும் நிறைந்த மாமனார் மாமியார் அவர்களுக்கு, கடல் கடந்து வாழும் உங்கள் மருமகன் எழுதிக்கொள்வது" என்று தொடங்கி இரண்டு பக்கம். நடுவில் வர முடியாமல் போனதற்கு மூன்று இடத்தில் மன்னிப்பு. முடிவில், அடுத்த தீபாவளிக்குக் கண்டிப்பாக வந்துவிடுவேன்.

பட்டுக்கோட்டையார் முழுதும் படித்துவிட்டு முதலில் அந்தக் கடைசி வரியை அடித்தார். வேலை அனுமதி இரண்டு வருடத்துக்கு. நடுவில் லீவு கேட்டால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தீபாவளியை ஒட்டித் திருச்சி டிக்கெட் விலை ஏறிவிடும். போனில் சொன்ன வாக்கு காற்றோடு போகும், வீடியோவில் சொன்னது போகாது. அடுத்த வருடம் யாராவது அதை எடுத்துப் போட்டுக் காட்டுவார்கள் என்றார். அவருக்கே அப்படி நடந்திருக்கிறது. மகள் காதுகுத்துக்கு வருவதாக ஒரு வீடியோவில் சொல்லியிருக்கிறார். போகவில்லை. மகள் அதை இன்னும் வைத்திருக்கிறாள்.

அடுத்து மன்னிப்புகள் போயின. அதற்கு அவர் சொன்ன காரணம் எனக்குப் புதிது. இந்த வீடியோவைப் பார்க்கப்போவது மாமனார் மாமியார் மட்டுமல்ல. பக்கத்து வீட்டுக்காரர், பங்காளிகள், பட்சணம் கொடுக்க வந்தவர்கள் எல்லோர் முன்னாலும் அது ஓடும். மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்டால் பெண் வீட்டார் அத்தனை பேர் நடுவில் தலை குனிந்து நிற்க வேண்டும். மன்னிப்பைத் தனியாகப் போனில் கேட்டுக்கொள்ளலாம். பணம் அனுப்பியதையும் இதே காரணத்துக்காக அவர் எழுத விடுவதில்லை. வீடியோ கைமாறிக் கடன் கொடுத்தவர் போனுக்கும் போய்ச் சேரும்.

கடன் என்றதும் தம்பி அவன் கணக்கைச் சொன்னான். ஊர் ஏஜெண்டுக்கு மூன்று லட்சம், மாதம் மூன்று வட்டிக்கு வாங்கியது. வட்டி மட்டும் மாதம் 9,000 ரூபாய். அவனுடைய அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 20 வெள்ளி. வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதத்தில் ஏழு நாள் அடிப்படைச் சம்பளம் வட்டிக்கே சரி. அதனால்தான் ஓடி, அதாவது கூடுதல் நேர வேலை, இல்லாவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவர் ஒருவர் தொழிலாளியிடம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கட்டணம் வாங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. இவன் அடிப்படைச் சம்பளத்துக்கு அது எழுபதாயிரத்தைத் தொடாது. மீதி இரண்டு லட்சத்துச் சொச்சம் அந்த நாட்டுச் சட்டத்தின் கண்ணில் படாமல் ஊரிலேயே ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் பைக்குள் போயிருக்கிறது. ரசீது கிடையாது. கேட்டால் மேலே கொடுக்க வேண்டும், அங்கே கொடுக்க வேண்டும், இங்கே கொடுக்க வேண்டும் என்பார். அந்த ஆளுக்குத் தலைதீபாவளிக்கு எந்தத் தடையும் இருந்திருக்காது. கல்யாணமாகி இருபது நாளைக்குள் பெண்டாட்டியை விட்டு ஓடிவந்தவன் மன்னிப்புக் கேட்கிறான், ஓடவைத்தவன் பத்திரிகை அச்சடித்துப் பொங்கல் வாழ்த்துச் சொல்கிறான். இதைப் பட்டுக்கோட்டையாரிடம் சத்தமாகவே சொன்னேன். "அதெல்லாம் பேசுனா வெளிச்சம் போயிடும் சார்" என்றார்.

வெளிச்சம் நிஜமாகவே போய்க்கொண்டிருந்தது. சிங்கப்பூரில் வருடம் பூராவும் ஏழு மணிவாக்கில்தான் இருட்டும். ஆறிலிருந்து ஆறே முக்கால் வரை அவருக்கு வேலை நேரம். அதற்கு முன் எடுத்தால் வெயில் நெற்றியில் விழுந்து கண் சுருங்கும். அதற்குப் பின் எல்லோரும் அலங்கார விளக்கை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுக்க ஆசைப்படுவார்கள். அப்படி எடுத்தால் போன் விளக்கைப் பார்த்து அளவு வைத்துக்கொள்ளும், முகம் கருத்துப்போகும். விளக்கு வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களை ஒரு கடை விளக்கின் முன்னால் நிறுத்தி, திரையில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு எடுப்பாராம்.

தம்பிக்குப் புதிதாக எழுதினார். எழுதினார் என்பதைவிடக் கேட்டுக்கொண்டே இருந்தார் என்று சொல்ல வேண்டும். வீட்டில் யார் யார், மாமியார் கையில் என்ன பலகாரம் நன்றாக வரும், மச்சானுக்கு என்ன வயது, வாசல் எந்தப் பக்கம், மாடு உண்டா. வாய்விட்டுப் படித்துப் பார்த்து, நாக்கு தடுக்கிய வார்த்தையை எல்லாம் எடுத்தார். அறுபது வார்த்தைக்கு மேல் போனால் ஒரு நிமிஷத்துக்குள் நிற்காது, மூச்சு வாங்கும் என்பது அவர் கணக்கு. முடிவில் நின்றது இதுதான்:

"மாமா, அத்தை, தீபாவளி வாழ்த்துகள். அம்மாச்சி, எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சாச்சா? என் தலைக்கு ஒரு கை எண்ணெய் பாக்கி வச்சிருங்க. மச்சான், என் பங்கு சரவெடியும் உனக்குத்தான், மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் மட்டும் போயிடாத. அத்தை, அதிரசத்துல ரெண்டு எடுத்து வைங்க, இங்க வர்ற ஆளுகிட்டக் குடுத்து விடுங்க. நான் நல்லா இருக்கேன். ரூம்ல எல்லாரும் சேந்து கறி எடுக்கிறோம். மாமா, எனக்கு வேட்டி சட்டை எடுத்தாச்சா, என்ன கலரு?"

மனைவி எங்கே என்று நான் கேட்டேன். பேச்சில் அவள் பெயரே இல்லை. "அந்தப் புள்ள அத்தனை பேரு நடுவுல நிக்கும். பேரைச் சொன்னா எல்லாரும் அது மூஞ்சியத்தான் பாப்பாங்க. அழுதுடும்" என்றார். அதற்குப் பதிலாகத் தம்பியைக் கல்யாணத்தில் போட்ட மோதிரம் தெரியும்படி கையை வைத்துக்கொள்ளச் சொன்னார். வேலைக்கு மோதிரம் போடக்கூடாது என்பதால் அவன் அதைக் கழுத்துக் கயிற்றில் கட்டி வைத்திருந்தான். அவிழ்த்து விரலில் மாட்டினான். அவளுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

கடைசி வரி எப்போதும் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது அவருடைய இன்னொரு விதி. வாழ்த்தில் முடித்தால் பார்த்துவிட்டு போனை வைத்துவிடுவார்கள். கேள்வியில் முடித்தால் யாராவது கூப்பிடுவார்கள்.

படம் எடுத்தபோது முதல் இரண்டு தடவை சரிவரவில்லை. தம்பியின் கண் காகிதத்துக்கும் திரையில் தெரிந்த தன் முகத்துக்குமாக ஓடியது. அவர் காகிதத்தை வாங்கிக்கொண்டு, போன் லென்ஸுக்குப் பக்கத்தில் குட்டி பேப்பரில் ஒரு பொட்டு ஒட்டினார். அதுதான் அம்மாச்சி என்றார். இயர்போன் மைக்கைச் சட்டைப் பித்தானுக்குள் சொருகி, காற்று அடிக்காமல் தன் முதுகைக் கொடுத்து நின்றார். மூன்றாவது தடவை ஐம்பது விநாடியில் முடிந்தது. அம்மாச்சியிடம் பேசும் இடத்தில் குரல் கொஞ்சம் உடைந்தது. மறுபடி எடுக்கலாமா என்று தம்பி கேட்டான். அது இருக்கட்டும் என்றுவிட்டார். பிறகு ஏதோ ஆப்பில் வெட்டி ஒட்டினார்; பூ விழுந்தது, பாட்டு வந்தது. அதை நான் கவனிக்கவில்லை.

சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு வளைகுடாவிலிருந்து கேசட்டில் கடிதம் வரும். அறுபது நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். இருமல், தொண்டை செருமல், பின்னால் யாரோ சிரிப்பது எல்லாம் அதில் இருக்கும். அரை மணி நேரம் பேசுகிறவன் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இந்த ஐம்பது விநாடிக்குள் யார் பெயர் முதலில், யார் பெயர் இல்லை என்பதே பெரிய வழக்கு. அதனால்தான் அவர் மாமியார் வீட்டுக்கு ஒன்று, சொந்த அம்மாவுக்கு ஒன்று என்று இரண்டு எடுத்தார். அம்மாவுக்கானதை முதல்நாள் இரவே அனுப்பச் சொன்னார். சம்பந்தி வீட்டு வீடியோ வேறு யார் போன் வழியாகவாவது அம்மாவுக்கு முதலில் வந்தால் பொங்கல் வரை பேச்சு நிற்கும். மாமியார் வீட்டில் நாலு மணிக்கு எழுந்து எண்ணெய் வைப்பார்கள். சிங்கப்பூரில் அப்போது ஆறரை. அன்றைக்கு அரசு விடுமுறைதான். ஆனாலும் காங்கிரீட் போட அழைத்தால் லாரி அந்த நேரத்துக்குக் கிளம்பியிருக்கும். எனவே அதையும் இரவே.

கூலி வாங்குவதில்லையா என்றேன். ஒரு தேத்தண்ணி என்றார். அன்றைக்கு ஏழு பேர் வந்திருந்தார்கள். தேத்தண்ணி போதும் போதும் என்று மூன்றாவது கோப்பையைத் தள்ளி வைத்தார்.

தீபாவளி முடிந்த பிறகு நண்பர் போனில் சொன்னார். தம்பியின் மாமனார் கூப்பிட்டிருக்கிறார். சட்டை நீலக் கலராம், ஆனால் மாப்பிள்ளை வீடியோவில் இளைத்துத் தெரிகிறார், அளவு நாற்பதா முப்பத்தெட்டா என்று கேட்டாராம். தம்பிக்குத் தெரியவில்லை. அன்று போட்டிருந்தது பட்டுக்கோட்டையாரின் சட்டை.