வாரத்துக்கு ஒன்று, சனிக்கிழமை இரவு 8 மணி



"சார், ஜூன்ல தினம் ஒரு வீடியோ போட்டீங்க, இப்போ வாரத்துக்கு ஒண்ணுதான் வருது, உடம்பு சரியில்லையா?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்புக் கணக்குக்காக யூடியூப் சேனல் ஆரம்பித்தபோது, பள்ளிக்கூடம் மாதிரி தினமும் ஒரு பாடம் என்று முடிவு செய்தேன். எட்டு நாள் ஓடியது. ஒன்பதாம் நாள் கூட்டுத்தொடர் வரிசையின் கூடுதல் நடத்தினேன். n/2 [2a + (n−1)d] என்று எழுத வேண்டிய இடத்தில், தூக்கக் கலக்கத்தில் (n+1) என்று எழுதி, அப்படியே ஏற்றிவிட்டேன். மறுநாள் பழைய மாணவி ஒருத்தி போன் செய்து, "சார், என் பையன் அதை நோட்டில் எழுதிட்டான்" என்றாள். யூடியூபில் ஏற்றிய வீடியோவை எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறொன்றை வைக்க முடியாது. அழித்துவிட்டுப் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். அந்தப் பரபரப்பில், கண்புரை அறுவை செய்திருந்த உங்கள் டீச்சரம்மாவுக்கு மாலை சொட்டு மருந்து போட மறந்துவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவே நிறுத்தினேன்.

பிறகு கணக்கு வாத்தியார் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைத்தேன். பத்து நிமிட வீடியோ ஒன்றுக்கு, கணக்குகளைத் தேர்ந்தெடுத்துப் போட்டுப் பார்க்க ஒன்றரை மணி, பதிவு செய்ய ஒரு மணி, வெட்டி ஒட்ட இரண்டு மணி, தலைப்பும் முகப்புப் படமும் சேர்த்து ஏற்ற அரை மணி. ஆக, ஐந்து மணி நேரம். எனக்குக் கிடைப்பது காலையில் ஒன்றரை மணி, வாரத்தில் ஆறு நாள், மொத்தம் ஒன்பது மணி. வகுத்தால் கிட்டத்தட்ட இரண்டு வீடியோ வருகிறது.

அங்கேதான் நாம் ஏமாறுவது. ஒன்பது மணி என்பது நல்ல வாரத்தின் கணக்கு. ஆஸ்பத்திரி, கல்யாணம், மின்தடை வந்த வாரத்தில் ஐந்து மணிதான் தேறுகிறது. மோசமான வாரத்திலும் எது முடியுமோ, அதுதான் நாம் வெளியே சொல்ல வேண்டிய எண்ணிக்கை. எனக்கு அது ஒன்று. நல்ல வாரத்தில் மிஞ்சும் நேரத்தில் எடுப்பதை உடனே வெளியிடாமல் இருப்பில் வைக்கிறேன். நான்கு வீடியோ கையில் சேர்ந்த பிறகுதான் திரும்ப ஆரம்பித்தேன். இருப்பு இரண்டுக்குக் கீழே போனால், அந்த வாரம் வேறு வேலை எதையும் ஒத்துக்கொள்வதில்லை.

அடுத்து, எந்த நேரம்? பார்வையாளர்கள் எப்போது யூடியூபில் இருக்கிறார்கள் என்று காட்டும் படம் ஸ்டுடியோவில் உண்டு. ஆனால் போதிய பார்வையாளர் இல்லாத புதிய சேனலுக்கு அதில் ஒன்றும் தெரியாது. அதனால் பத்தாம் வகுப்புப் பிள்ளை உள்ள மூன்று வீடுகளில் கேட்டேன். வார நாட்களில் டியூஷன். வீட்டில் இருப்பது அப்பாவின் போன் ஒன்றுதான், அவர் வந்த பிறகுதான் கைக்கு வரும் என்றார்கள். சனி இரவு 8 மணி என்று வைத்தேன். வெள்ளிக்கிழமையே ஏற்றி, Schedule என்பதில் நேரம் குறித்துவிடுகிறேன். ஏற்றிய உடனே படம் மங்கலாகத்தான் தெரியும், தெளிவான பதிப்பு தயாராகச் சற்று நேரமாகும். மங்கலான படத்தில் அடுக்குக்குறி தெரியாவிட்டால் கணக்கே மாறிவிடும். ஏற்றியதும் ஒருமுறை முழுதாகப் பார்ப்பதால், (n+1) மாதிரிப் பிழைகளும் வெளியே போகும் முன்பே மாட்டுகின்றன.

மணியைப் பற்றி இதற்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வெளியிடும் நேரம் ஒரு வீடியோவின் நீண்டகாலப் பார்வையை நேரடியாகப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்று யூடியூபே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது. என் அனுபவமும் அதுதான். திருத்தி ஏற்றிய கூட்டுத்தொடர் வீடியோவை முதல் நாள் பார்த்தவர்கள் பதினான்கு பேர். எல்லோரும் நீங்கள்தான்! பிள்ளைகள் காலாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் தேடி வந்தார்கள். அந்த ஒரு வாரத்தில் இருநூறைத் தாண்டியது. பாட வீடியோவுக்கு மணியைவிட வாரம் முக்கியம். ஆகவே பள்ளி நாட்காட்டியை வைத்துப் பின்னோக்கி எண்ணுகிறேன். அரையாண்டுக்கு முக்கோணவியல் வேண்டுமென்றால் அதன் மூன்று வீடியோக்களும் நவம்பருக்குள் வந்துவிட வேண்டும். வாரத்துக்கு ஒன்று என்னும்போது புத்தகம் முழுவதையும் நடத்த முடியாது. எனவே பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறும் கணக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஆகையால் புதன்கிழமை வீடியோ வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். சனி இரவு 8 மணிக்கு வரும். தப்பு இருந்தால் முதலில் எனக்குப் போன் செய்யுங்கள். மாலை 4 மணிக்கு மட்டும் வேண்டாம், அது டீச்சரம்மாவுக்குச் சொட்டு மருந்து போடும் நேரம்.