ஒரே நம்பர், மூன்று பச்சை

எங்கட முன்ஹோலின் ஒரு சுவருக்கும் அதிலிருக்கிற கதவுக்கும் ஒரே கரும்பச்சைதான் அடிக்க வேணும் எண்டு நான் பிடிவாதமாய் நிண்டன். கலர் அட்டையில ஒரே நம்பர். சுவருக்கு மட், கதவுக்கு குளோஸ். காய்ஞ்ச பிறகு பார்த்தால் சுவர் சாம்பல் பூத்த பச்சை, கதவு கிட்டத்தட்டக் கறுப்பு. கடைக்காரன் பிழையாய்க் கலந்திட்டான், பெயின்ற் அடிக்க வந்த அண்ணை அதைக் கவனிக்கேல்லை எண்டு முடிவெடுத்து, அவருக்குக் குடுக்க வேண்டிய மிச்சக் காசை நிப்பாட்டி வச்சன்.

அவர் சண்டை பிடிக்கேல்லை. ஸ்பொஞ்சைத் தண்ணியில நனைச்சு, கதவுக்குப் பக்கத்தில சுவரை ஒருக்கால் துடைச்சார். "இப்ப பாருங்கோ தம்பி." ஈரமான இடம் கதவின்ர நிறத்துக்கு வந்திட்டுது. காய, பழையபடி வெளிறினது.

ஏன் எண்டு பிறகுதான் தேடிப் படிச்சன். எந்தப் பெயின்ற்றிலும் நேராய் விழுகிற வெளிச்சத்தில நூற்றுக்கு 4 பங்கு அளவு, நிறமிக்குள்ள போகாமலே மேற்பரப்பில பட்டுத் திரும்பும். அது நிறமில்லாத வெள்ளை வெளிச்சம். குளோஸ் கண்ணாடி மாதிரி வழுவழுப்பானது. அந்த 4 பங்கையும் ஒரே திசையில அனுப்பிவிடும். அந்தத் திசையில நிக்காதவருக்குத் தெரியிறது நிறமி மட்டும்தான். மட்டின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத கரடுமுரடு. அதே 4 பங்கு எல்லாப் பக்கமும் சிதறி, எங்க நிண்டாலும் நிறத்துக்கு மேல மெல்லிய வெள்ளைத் திரையாய் விழும். தண்ணி அந்தக் கரடுமுரட்டை நிரப்பிச் சமனாக்கினபடியால்தான் திரை விலகினது.

எங்கட பச்சை, சும்மா ஒரு கணக்குக்கு, 5 பங்கு வெளிச்சத்தைத் திருப்புது எண்டு வையுங்கோ. குளோஸில 5, மட்டில 9. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! 85 பங்கு திருப்புற வெள்ளைச் சுவரில இதே 4 பங்கு கூடினால் ஆருக்குத் தெரியும்? கடும் நிறங்களிலதான் இந்த வம்பு.

குளோஸுக்கும் ஒரு சிக்கல் இருக்கு. ஜன்னலுக்கு எதிர்க்கோணத்தில போய் நிண்டால், அந்த ஆழமான பச்சை முழுக்க வெள்ளைப் பளபளப்பில மறைஞ்சிடும். பழைய கதவின்ர பள்ளமும் ஆணித்தடமும் அப்பதான் வெளியில வரும்.

அண்ணையிட்ட மன்னிப்புக் கேட்டு, காசையும் குடுத்தன். கதவை மண்தாளால உரஞ்சி (குளோஸுக்கு மேல அப்பிடியே அடிச்சால் பிடிக்காது, உரிஞ்சு வரும்) சாட்டின் அடிச்சம். சாட்டினில அந்த வெளிச்சம் ஒரு பக்கமாய்க் கொஞ்சம் பரவித் திரும்பும். அதால நிறமும் நடுவில நிக்கும். இப்பவும் கதவு சுவரை விட ஒரு படி கடும் பச்சைதான். பின்னேரம் லைற் போட்டால் மட்டும், கைபிடிக்குப் பக்கத்தில மங்கலாய் ஒரு வெளிச்சத் திட்டு விழும். "அந்த இடம் அழுக்காக்கும்" எண்டு அம்மா இன்னும் துடைக்கிறா.